ஒரு துணைக்கால் விடுபட்ட இரவு: அச்சகச் சிறுகதையை எழுதும் வழி

இரவு ஷிப்டில் மெஷின் ஓட்டுகிற ஒருவர், வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரூஃபில் எழுத்துப் பிழை ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். கதை இவ்வளவுதான். நான் டெல்டாவில் ஓர் அச்சகத்தில் இரண்டு வருடம் பிழை திருத்துகிற வேலை பார்த்தவன். இந்தக் கதையை மூன்று தடவை எழுதினேன். முதல் இரண்டும் நிற்கவில்லை. ஆட்களும் இடமும் சரியாகவே இருந்தன, பிழையைத்தான் தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தேன். மூன்றாவது தடவை எழுதிய முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். கதையின் துண்டுகளையும் நடுநடுவே வைக்கிறேன்.

முதல் படி: எந்த எழுத்து தப்பு என்று முடிவு செய்யுங்கள்

பாத்திரங்களுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும். பிழை எப்படிப்பட்டது என்பதை வைத்துத்தான் அந்த இரவில் என்னென்ன நடக்க முடியும் என்பது அமையும்.

முதல் தடவை நான் எடுத்துக்கொண்டது கல்யாணப் பத்திரிகையில் ‘மணமகன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘மணமகள்’. படிக்கிற யாருக்கும் அது பிழை என்று தெரியும். மெஷின்மேன் பார்ப்பார், திருத்துவார், கதை முடிந்துவிடும். அவர் மனதில் தயக்கத்துக்கு இடமே இல்லை. இரண்டாவது தடவை ‘வள்ளி’, ‘வல்லி’ குழப்பத்தை எடுத்தேன். இரண்டும் உண்மையான பெயர்கள் என்பதால் தயக்கம் கிடைத்தது. ஆனால் அவர் போன் போட்டுக் கேட்கும் இடத்தில் கதை படுத்துவிட்டது. பேச்சில் லகரமும் ளகரமும் பலருக்கு ஒன்றாகவே வரும். போனில் அதைக் காதால் பிரிக்க முடியாது.

அதனால் நமக்கு வேண்டிய பிழைக்கு மூன்று குணங்கள் இருக்க வேண்டும். பார்த்தவுடன் தப்பு என்று சொல்லிவிட முடியாதபடி இருக்க வேண்டும். வாயால் சொன்னால் காதுக்குத் தெரிய வேண்டும். மூன்றாவதைத் தொழில் தெரிந்தவர்தான் யோசிப்பார்: அது ஓர் எழுத்து கூடிப்போன பிழையாக இருக்கக் கூடாது, குறைந்துபோன பிழையாக இருக்க வேண்டும். ஆஃப்செட்டில் அச்சுக்கு எழுத்தைத் தாங்குகிற தகடுதான் பிளேட். அதில் வேண்டாத எழுத்தை அழிக்கும் மருந்து தொட்டு அழித்துவிடலாம், இரண்டு நிமிஷ வேலை. இல்லாத எழுத்தைப் பிளேட்டில் ஒழுங்காகச் சேர்க்க முடியாது. புதுப் பிளேட் போட்டாக வேண்டும். அந்தக் காலத்து ஈய எழுத்து என்றால் சிமிட்டாவால் ஓர் எழுத்தைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகலாம். ஆஃப்செட்டில் ஒரு கால் விடுபட்டால் ஒரு முழுப் பிளேட் போச்சு.

நான் கடைசியில் எடுத்தது கருமாதிப் பத்திரிகை. இறந்துபோன பாட்டியின் பெயர் சொர்ணாம்பாள். புரூஃபில் ‘சொர்ணம்பாள்’. சொர்ணம் என்று பெண்களுக்குப் பெயர் உண்டு என்பதால் கண் அதைச் சரியென்று ஏற்றுக்கொண்டுவிடும். குறிலா நெடிலா என்பது போனில் தெளிவாகக் கேட்கும். சேர்க்க வேண்டியது ஒரே ஒரு துணைக்கால்.

இரண்டாம் படி: பிழை எல்லோரையும் எப்படித் தாண்டி வந்தது

‘டைப் பண்ணும்போது தப்பாயிடுச்சு’ என்று ஒரு வரியில் கடந்துபோனால் கதைக்கு அடித்தளம் இருக்காது. மூன்று பேர் பார்த்தும் தப்பியிருக்கிறது என்றால் மூவருக்கும் நியாயமான காரணம் வேண்டும்.

காப்பி எழுதிக் கொடுத்தவர் பாட்டியின் கணவர். எண்பதை நெருங்குகிறவர், பழைய எழுத்தில் எழுதுகிறவர். 1978இல் தமிழக அரசு ஆணை வரும்வரை ணா, றா, னா ஆகியவற்றுக்குத் தனி வடிவம் இருந்தது. ணகரத்தின் கடைசிக் கோடு அப்படியே கீழே இறங்கிச் சுழித்து நிற்கும், பக்கத்தில் தனிக்கால் இருக்காது. ணை, லை, ளை, னை நான்கும் யானைத் தும்பிக்கை மாதிரிக் கொம்பு வைத்துக்கொண்டிருந்தன. பெரியார் 1935இலேயே தன் பத்திரிகையில் இவற்றை மாற்றி அச்சிடத் தொடங்கிவிட்டார். ஆனால் கையால் எழுதுகிறவர்கள் பழகியதை விடவில்லை. என் தாத்தா கடைசிக் கடிதம் வரைக்கும் தும்பிக்கை லைதான் போட்டார்.

டிடிபி ஆப்பரேட்டர் இருபத்தொரு வயதுப் பையன். சுழித்த ணகரத்தை அவன் பார்த்ததே இல்லை. பெரியவர் கை நடுக்கத்தில் கோடு இழுத்துக்கொண்டது என்று நினைத்து ‘ண’ என்று அடித்தான். அவன் கவனக்குறைவான பையன் இல்லை. அவனுக்கு அந்த எழுத்தே தெரியாது.

புரூஃபில் கையெழுத்துப் போட்டவன் பேரன். அவனுக்கு அவள் பிறந்ததிலிருந்து ‘அப்பாயி’. அவள் பெயரை அவன் எழுதியதும் இல்லை, வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. தேதி, இடம், மாமன்மார் பெயர்கள் எல்லாவற்றையும் விரல் வைத்துப் பார்த்தான். நடுவில் பெரிதாக இருந்ததைப் படிக்கவில்லை. புரூஃபில் பிழை தப்புவது பெரும்பாலும் பெரிய எழுத்தில்தான். பொடி எழுத்தைக் கண் தேடிப் படிக்கும், பெரிய எழுத்தைப் படம் மாதிரிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

இந்த மூன்று காரணங்களும் கிடைத்த பிறகு யாரையும் கெட்டவராகக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லாமல் போய்விட்டது.

மூன்றாம் படி: காலமும் இரவும்

கதையை 2008 வாக்கில் மன்னார்குடியில் வைத்தேன். புரூஃப் வாட்ஸ்அப்பில் போகாத காலம். சிறிய ஊர் அச்சகங்களில் லேசர் பிரிண்டரில் ட்ரேசிங் பேப்பர் எடுத்து, அதைப் பிளேட்டின் மேல் வைத்து வெளிச்சம் காட்டி, மருந்தில் கழுவிப் பிளேட் போட்ட காலம். மெஷின்மேன் பக்கிரிசாமிக்கு நாற்பத்தைந்து வயது. பதினைந்து வயதில் ஈய எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டராக வந்தவர். ஆணை வந்த மறுநாளே எந்த அச்சகமும் பழைய ஈய எழுத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. அதனால் சுழித்த ணா ஒற்றை எழுத்தாக எழுத்துப் பெட்டியின் எந்த அறையில் கிடக்கும் என்று அவர் விரல்களுக்குத் தெரியும். இது கதைக்குள் இரண்டு வரிக்கு மேல் வர வேண்டாம், ஆனால் எழுதுகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாதம் ஐப்பசி. டெல்டாவில் அடைமழை. இதை அழகுக்காக வைக்கவில்லை. ஆஃப்செட் மை காய நேரம் பிடிக்கும். ஈரக் காற்றில் இன்னும் தாமதமாகும். காகிதமும் ஈரம் குடித்து ஓரம் நெளியும், மெஷின் இரண்டு தாளைச் சேர்த்து இழுக்கும். காலை ஏழு மணிக்குப் பேரன் வந்து வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கொடுக்கக் கிளம்ப வேண்டும் என்றால், நள்ளிரவுக்குள் அடித்து முடித்தால்தான் காலையில் மை ஒட்டாமல் மடிக்க முடியும். கதையில் கெடு வேண்டும் என்றால் இப்படி வேலைக்குள்ளிருந்தே எடுங்கள். ‘முதலாளி திட்டுவார்’ என்ற கெடு எனக்குப் போதவில்லை.

அடிக்க வேண்டியது 500 பத்திரிகை. மெஷின் ஓடுவது என்னவோ இருபது நிமிஷம்தான். பிளேட் மாட்டி, தண்ணீரும் மையும் சரிக்கட்டி, ஓரம் நேராக்குவதில்தான் நேரம் போகும். ‘இரவெல்லாம் மெஷின் ஓடியது’ என்று எழுதிவிட்டால் தொழில் தெரிந்தவர்கள் கதையை அங்கேயே மூடிவிடுவார்கள்.

நான்காம் படி: கண் நிற்கும் கணம்

மெஷின்மேன் தாளைப் படிப்பதில்லை. மை ஒரே சீராக விழுந்திருக்கிறதா, வெள்ளையில் அழுக்கு ஏறியிருக்கிறதா, ஓரம் நேரா என்று பார்ப்பார். ஆகவே அவர் ‘படித்தார், பிழையைக் கண்டார்’ என்று எழுதினால் நம்ப முடியாது. பார்வை மையிலிருந்து எழுத்துக்கு எப்படித் திரும்பியது என்பதைக் காட்ட வேண்டும். நான் எழுதியது இது:

“பதினாறாவது தாளை எடுத்து டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தார். பெரிய எழுத்தில்தான் மை நிறைந்திருக்கிறதா என்பது தெரியும். சொ நன்றாக விழுந்திருந்தது. ர்-இன் புள்ளி உடையவில்லை. ணகரத்தின் மூன்று சுழியும் அடைக்காமல் இருந்தன. அதற்கடுத்து ஏதோ ஓர் இடத்தில் கண் தடுக்கியது. மையில் குறை இல்லை. மறுபடி முதலிலிருந்து வந்தார். சொர்ணத்தை எத்தனையோ தடவை கோத்திருக்கிறார். சொர்ணாம்பாளையும் கோத்திருக்கிறார். இப்படி ஒருத்தியைக் கோத்ததில்லை.”

அவர் இன்னும் ‘தப்பு’ என்ற சொல்லுக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பெயருக்கு அகராதி கிடையாது. ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பத்திரத்தில் ஒரு மாதிரி, வீட்டில் வேறு மாதிரி இருக்கும். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டதைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்பது அச்சகத்தில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். நமக்குச் சரி என்று பட்டதைத் திருத்தி, அது அவர்கள் வேண்டுமென்றே வைத்ததாக இருந்துவிட்டால் 500 தாளும் நம் தலையில் விழும்.

ஐந்தாம் படி: சந்தேகத்தைச் சாட்சி வைத்துத் தீர்ப்பது

இந்தப் படியைத் தாண்டி நேராகப் போனுக்குப் போய்விடாதீர்கள். பக்கிரிசாமி முதலில் ஜாப் கவரைத் திறந்து, புரூஃபுக்கு அடியில் மடித்திருக்கும் கையெழுத்துக் காப்பியை எடுக்கிறார். சுழித்த எழுத்து அங்கே இருக்கிறது. ஆனால் பெரியவருக்குக் கை நடுங்கும். ஆப்பரேட்டர் நினைத்த மாதிரி அது வெறும் இழுப்பாகவும் இருக்கலாம்.

அதே எழுத்து அதே காப்பியில் வேறெங்காவது வருகிறதா என்று தேடுகிறார். காரியம் நடக்கும் இடம்: ‘வெண்ணாற்றங்கரை’. அங்கேயும் ணகரம் அதே மாதிரி இறங்கிச் சுழித்திருக்கிறது. ஆனால் புரூஃபில் அந்தச் சொல் காலோடு சரியாக இருக்கிறது. பையனுக்கு வெண்ணாற்றைத் தெரியும். எழுத்தைப் பார்த்து அடிக்கவில்லை, ஆற்றைத் தெரிந்து அடித்திருக்கிறான். பாட்டியைத் தெரியாததால் அவள் பெயரைப் பார்த்தபடி அடித்துவிட்டான்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எழுதும்போது வெண்ணாறு தானாக வரவில்லை. ணா வருகிற ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துத்தான் கிடைத்தது. நீங்கள் வேறு எழுத்தை எடுத்தால், அந்த எழுத்து வருகிற உள்ளூர்ப் பெயர்களை அதேபோல எழுதிப் பாருங்கள். மன்னார்குடி என்ற பெயரிலேயே பழைய னா இருக்கிறது.

ஆறாம் படி: போன்

மணி பத்தேகால். துக்க வீடு. கேட்கிற கேள்வி புண்படுத்தக் கூடாது, பதிலையும் கையில் கொடுத்துவிடக் கூடாது. ‘சொர்ணாம்பாளா, சொர்ணம்பாளா?’ என்று கேட்டால் தூக்கக் கலக்கத்தில் எதற்கு வேண்டுமானாலும் ஆமாம் என்பார்கள். பெயரை அவர்கள் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும்.

“தம்பி, அச்சகத்துலேருந்து பேசுறேன். தூங்கிட்டீங்களா?”

“இல்லண்ணே, சொல்லுங்க.”

“அப்பாயி பேரை ஒருதரம் சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஓட்டில் மழை விழுவது அந்தப் பக்கமும் கேட்டது.

“புரூஃப்ல இருக்குறதுதாண்ணே.”

“அதை விடுங்க தம்பி. தாத்தா முழிச்சிருக்காரா?”

போன் கை மாறியது.

“ஐயா, பத்திரிகை அடிக்கிற மெஷின்மேன் பேசுறேன். அம்மா பேரை உங்க வாயால ஒருதரம் சொன்னீங்கன்னா சரிபாத்துக்குவேன்.”

“சொர்ணாம்பாள்” என்றார். அப்புறம் கேட்காமலே, “ணா நெடில்” என்றார். “நான் சரியாத்தானே எழுதிக் குடுத்தேன்?”

“சரியாத்தான் எழுதியிருக்கீங்கய்யா.”

முதல் வரைவில் இதற்குப் பிறகு பெரியவர் அழுவதாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். நெடில் என்று அவர் சொன்னதிலேயே எல்லாம் இருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் கூப்பிட்ட பெயருக்கு மாத்திரை சொல்ல வேண்டி வந்திருக்கிறது அவருக்கு.

ஏழாம் படி: கை வேலை

இனிப் பேச்சு வேண்டாம், கைகளைக் காட்டுங்கள். ஆப்பரேட்டர் வீட்டுக்குப் போய்விட்டான், கம்ப்யூட்டர் அறை பூட்டியிருக்கிறது. பக்கிரிசாமியிடம் இருப்பது மேசையில் கிடக்கும் ட்ரேசிங், மை மங்கலாக வந்ததால் ஒதுக்கிய இன்னொரு ட்ரேசிங், பிளேடு, செல்லோடேப், கீழே டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசை.

அவருக்குத் தேவை அதே எழுத்துருவில், அதே அளவில் ஒரு துணைக்கால். வெளியே தேட வேண்டியதில்லை. ஒதுக்கிய தாளில் அதே பெயரில் ‘பாள்’ இருக்கிறது. அந்தப் பாவின் காலைத்தான் வெட்டி எடுக்கிறார். அப்புறம் நல்ல ட்ரேசிங்கில் ணகரத்துக்குப் பிறகு வெட்டி, ‘ம்பாள்’ பகுதியைக் காலின் அகலத்துக்கு நகர்த்தி, நடுவில் காலை வைத்து ஒட்டுகிறார். பெயர் பக்கத்தின் நடுவில் இருக்க வேண்டியது. ஒரு பக்கம் மட்டும் நீண்டால் கோணலாகத் தெரியும். அதனால் பெயரை முழுசாகவே பட்டையாக வெட்டி, கூடிய அகலத்தில் பாதி தூரம் மறுபக்கம் தள்ளி ஒட்டுகிறார்.

“டோனர் பிளேட்டில் படிய வேண்டும் என்பதால் ட்ரேசிங்கில் எழுத்தெல்லாம் இடவலம் மாறியிருந்தது. பையன்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அவர் திருப்பவில்லை. ஈயத்தில் முப்பது வருஷத்துக்கு முன்னால் படித்ததும் இப்படித்தான். பிளேடின் நுனியில் அரிசிக் குருணை மாதிரி அந்தக் கால் ஒட்டிக்கொண்டிருந்தது. மங்கலாக இருந்த இடத்தைக் கறுப்புப் பேனாவால் தொட்டார். ஊதவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு ணகரத்துக்குப் பக்கத்தில் இறக்கினார்.”

ஒட்டின ட்ரேசிங்கில் பிளேட் போட்டால் வெட்டின ஓரங்கள் மயிரிழைக் கோடாகப் பிளேட்டில் விழும். அவற்றை மருந்து தொட்டு அழிக்க வேண்டும். முதல் படியில் சொன்ன அழிக்கும் மருந்து இங்கே பயன்படுகிறது. காலுக்கு ஒட்டின மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கும். மருந்து கொஞ்சம் ஒழுகினால் காலும் போய்விடும். கதையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பதற்றம் அந்த ஒரு சொட்டு மருந்துதான். அதற்கு ஒரு பத்தி முழுதும் கொடுத்தேன். பிளேட் கழுவியதையும் கோந்து பூசியதையும் மெஷின் ஓடியதையும் இரண்டே வரியில் முடித்துவிட்டேன். பதினொன்றே முக்காலுக்கு 500 தாளும் பலகையில் அடுக்கியாயிற்று.

கடைசிப் படி: எங்கே நிறுத்துவது

பேரன் காலையில் வந்து நன்றி சொல்வதாக முடிக்கலாம். அவன் பிரித்துப் பார்க்கவே மாட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. எண்ணி வாங்கிக்கொண்டு, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விடுவான். முதலாளி வீணான பிளேட்டுக்குக் கணக்குக் கேட்பார், பக்கிரிசாமி சொல்வார். இரண்டையும் விரைவாகத் தாண்டுங்கள்.

மீதி இருப்பவன் ஆப்பரேட்டர். பிழை எந்த இடத்தில் பிறந்ததோ அந்த இடத்துக்குக் கதை திரும்பிப் போக வேண்டும் என்று நினைத்தேன். பெயர் தப்பாக விழுந்த தாள்கள் பதினாறு இருக்கின்றன. அச்சகத்தில் அப்படிப்பட்ட தாளை அடுத்த வேலைக்கு மை பார்க்க மறுபடியும் ஓட்டுவார்கள். இந்தத் தாள்களை ஓட்டினால் செத்துப்போனவள் பெயர் மேல் யாருடைய கல்யாணமோ விழும். அதனால் பக்கிரிசாமி அவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறார். கடைசிக் காட்சி:

“ஒட்டுப் போட்ட ட்ரேசிங்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘நான் காப்பியில இருந்த மாதிரிதாண்ணே அடிச்சேன்’ என்றான்.

‘தெரியும்டா தம்பி.’

தப்பான தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். மைக்கத்தியின் நுனியைத் தொட்டு, மூன்று சுழி போட்டு, கடைசிக் கோட்டை எடுக்காமல் கீழே இறக்கிச் சுழித்தார்.

‘இதுதான் ணா.’

பையன் குனிந்து பார்த்தான். பேனாவை எடுத்து அதற்குப் பக்கத்திலேயே போட்டுப் பார்த்தான். சுழி பெரிதாகிவிட்டது. இன்னொன்று போட்டான்.

‘இப்ப கோட்டை எங்கண்ணே நிறுத்தணும்?’”